முதல் மின்னஞ்சலில் எவ்வளவு மரியாதை போதும்?

கேள்வி: திருச்சியிலிருந்து வந்து சிங்கப்பூரில் சைட் இன்ஜினியராக வேலை பார்க்கிறேன். போன மாதம் ஒரு கருத்தரங்கில் டீப் எக்ஸ்கவேஷன் பற்றிப் பேசிய மூத்த பொறியாளர் ஒருவருக்கு மின்னஞ்சல் எழுதி ஆலோசனை கேட்க வேண்டும். அறுபது வயது இருக்கும், முனைவர் பட்டம் வாங்கியவர், இங்கேயே பிறந்த தமிழர் என்று நினைக்கிறேன். 'ரெஸ்பெக்டட் சார்' என்று ஆரம்பித்தேன். ரூம்மேட் சிரிக்கிறான், 'ஹாய்' போட்டால் போதுமாம். எது சரி? தமிழிலேயே எழுதிவிடலாமா?

பதில்:

இரண்டும் வேண்டாம் தம்பி. 'டியர் டாக்டர்' என்று போட்டு, அதன் பக்கத்தில் அவர் பெயரை எழுதுங்கள். மின்னஞ்சலை ஆங்கிலத்தில் எழுதுங்கள். அவசரம் என்றால் இதோடு நிறுத்திக்கொண்டு அனுப்பிவிடலாம். ஆனால் 'அவர் பெயர்' என்று சொன்னேனே, அதில் எந்தப் பாதி என்று தெரியாமல்தான் இந்த ஊரில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். அதற்கும் வருகிறேன்.

இங்கே ஒரு பொறியியல் நிறுவனத்தில் இயக்குநரின் செயலாளராகப் பல வருஷம் இருந்தேன். முன்பின் தெரியாதவர்கள் அவருக்கு அனுப்பும் மின்னஞ்சல்களை முதலில் படிப்பது நான்தான். எதை அவரிடம் கொண்டுபோவது, எதை அப்படியே விடுவது என்று பிரித்ததும் நான்தான். அதனால் மரியாதை எப்படி இருக்க வேண்டும் என்ற நெறிமுறையை விட, படிக்கிற பக்கத்தில் அது எப்படி வந்து விழுகிறது என்பதையே சொல்கிறேன்.

'ரெஸ்பெக்டட் சார்' நம் ஊரில் பள்ளி விடுப்புக் கடிதத்திலிருந்து பழகிவிட்ட தொடக்கம். அதில் தவறான எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் சிங்கப்பூரில் வளர்ந்த ஒருவருக்கு அந்த 'ரெஸ்பெக்டட்' பழக்கமில்லாத சொல். 'சார்' பழக்கம்தான், ஆனால் வேறு இடத்தில். பள்ளியில் ஆசிரியரைச் சொல்வார்கள், தேசிய சேவையில் அதிகாரியைச் சொல்வார்கள். முகாமில் அதிகாரி 'சார்', வாரண்ட் அதிகாரி 'என்சிக்'. இரண்டு வருஷம் அப்படிக் கூப்பிட்டுப் பழகிய ஆளுக்கு 'சார்' என்பது ஒரு படிவரிசைக்குள் இருக்கிறவர்கள் சொல்வது. வெளியிலிருந்து எழுதும் இன்னொரு பொறியாளர் அப்படி எழுதினால் கொஞ்சம் விசித்திரமாகத் தெரியும், அவ்வளவுதான். கோபம் வராது.

உண்மையான நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. பெயர் இல்லாமல் 'சார்' என்று வரும் மின்னஞ்சலைப் பார்த்தவுடன் எனக்கு எழும் முதல் சந்தேகம், இதையே இன்னும் எத்தனை பேருக்கு அனுப்பியிருக்கிறார் என்பதுதான். 'டியர் சார்' என்பது பெறுபவர் யார் என்று தெரியாதபோது எழுதும் ஆங்கிலக் கடித வழக்கு. பெயர் தெரிந்த மனிதருக்கு அப்படி எழுதினால், பெயரைப் பார்க்கக்கூட மெனக்கெடவில்லை என்றே படும். நீங்கள் கூடுதல் மரியாதை என்று நினைத்துப் போட்டது, படிக்கிறவருக்குக் குறைந்த கவனமாகப் போய்ச் சேருகிறது.

ரூம்மேட் சொல்வதிலும் பாதி நியாயம் உண்டு. இங்கே பல அலுவலகங்களில் புதிதாகச் சேர்ந்தவரும் இயக்குநரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார், மின்னஞ்சலில் 'ஹாய்' சர்வசாதாரணம். அவன் பார்த்தது அலுவலகத்துக்கு உள்ளே. உள்ளே இருப்பவர்களுக்கு நிறுவனமே அறிமுகம் செய்து வைத்துவிட்டது. உங்களுக்கு அந்த அறிமுகம் இல்லை. லிங்க்ட்இன் செய்தி என்றால் 'ஹாய் டாக்டர்' என்று பெயரோடு எழுதலாம், அங்கே அது உறுத்தாது. மின்னஞ்சலில் ஒரு படி மேலே தொடங்குவது நல்லது. மேலே தொடங்கியவரை 'இவ்வளவு வேண்டாம்' என்று கீழே இறக்குவது பெரியவருக்கு எளிது, பார்க்கவும் அழகாக இருக்கும். கீழே தொடங்கியவரை மேலே ஏறச் சொல்ல யாருக்கும் வாய் வராது. பேசாமல் விட்டுவிடுவார்கள்.

சரி, பெயருக்கு வருவோம். அவர் பெயர் எனக்குத் தெரியாது. பேச்சுக்கு, கருத்தரங்கு நிரலில் 'இளங்கோவன் மாணிக்கம்' என்று இருந்ததாக வைத்துக்கொள்வோம். மேல்நாட்டு வழக்கப்படி கடைசியில் இருப்பது குடும்பப் பெயர் என்று எண்ணி 'டாக்டர் மாணிக்கம்' என்று எழுதினால், அவருடைய அப்பாவுக்கு எழுதியதாக ஆகிவிடும். சிங்கப்பூர் அடையாள அட்டையில் நம்மவர்கள் பெயர் பெரும்பாலும் சொந்தப் பெயர், பிறகு 'சன் ஆஃப்' அல்லது 'டாட்டர் ஆஃப்' என்பதன் சுருக்கம், பிறகு அப்பா பெயர் என்றுதான் இருக்கும். பெயர்ப் பலகையிலோ லிங்க்ட்இனிலோ அந்தச் சுருக்கம் உதிர்ந்துவிடும், வரிசை மட்டும் மிஞ்சும். ஆகவே முதலில் வருவதே அவர். அதிபர் தர்மன் சண்முகரத்னத்தை எல்லோரும் 'அதிபர் தர்மன்' என்று சொல்வதற்குக் காரணம் அதுதான். தர்மன் அவர் பெயர், சண்முகரத்னம் தந்தை பெயர்.

ஆனால் இதையே விதியாகப் பிடித்துக்கொள்ள முடியாது. வெளியுறவு அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணனை ஆங்கிலச் செய்தித்தாள்கள் 'டாக்டர் பாலகிருஷ்ணன்' என்றுதான் எழுதுகின்றன. அமைச்சர் இந்திராணி ராஜாவை 'மிஸ் இந்திராணி' என்கின்றன. ஒரே அமைச்சரவையில் இரண்டு வழக்கம். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் பெயரில் குழப்பம் இன்னும் அதிகம். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் எந்தக் கட்டத்தில் விழுந்ததோ, அதை வைத்து இங்கே எல்லா ஆவணமும் அச்சாகிவிடுகிறது. மருந்தகத்தில் உங்கள் அப்பாவைக் கூப்பிட, நீங்கள் எழுந்து போயிருப்பீர்களே, அதேதான்.

எனவே ஊகிக்காமல் பாருங்கள். நீங்கள் அந்த அரங்கில் இருந்திருக்கிறீர்கள். நிகழ்ச்சியை நடத்தியவர் அவரை எப்படி அழைத்தார்? 'நன்றி டாக்டர் இளங்கோவன்' என்று சொல்லியிருந்தால் அதற்கு மேல் சான்று வேண்டாம். அது ஞாபகம் இல்லை என்றால், அவர் நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் அறிமுகக் குறிப்பின் இரண்டாவது வாக்கியத்தைப் படியுங்கள். முதல் வாக்கியத்தில் முழுப் பெயர் இருக்கும். இரண்டாவதில் சுருக்கி எழுத வேண்டி வருமே, அங்கே அவர் எதை வைத்திருக்கிறாரோ அதுதான் அவர் விரும்பும் பெயர். தமிழ் முரசில் அவரைப் பற்றி ஏதாவது வந்திருந்தால் அதுவும் உதவும். எதுவுமே கிடைக்காவிட்டால் முழுப் பெயரையும் எழுதிவிடுங்கள்: 'டியர் டாக்டர் இளங்கோவன் மாணிக்கம்'. கொஞ்சம் விறைப்பாக இருக்கும், ஆனால் தவறாக இருக்காது.

இந்த ஒரு கடிதத்தோடு உங்களுக்கு வேலை முடியப்போவதில்லை என்பதால் மற்றவர்கள் பெயரையும் சொல்லிவிடுகிறேன். சீனர்களுக்குக் குடும்பப் பெயர் முன்னால் வரும். டான் வெய் மிங் என்றால் 'மிஸ்டர் டான்'. 'மிஸ்டர் மிங்' என்று எழுதினால் அவரை அறிந்தவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். ஆங்கிலப் பெயரும் சேர்ந்துவிட்டால் குடும்பப் பெயர் நடுவில் போய் ஒளிந்துகொள்ளும். ரேச்சல் டான் ஹுவெய் லிங் என்பவர் 'மிஸ் டான்'. மலாய்க்காரர்கள் நம்மைப் போலத்தான், சொந்தப் பெயர் முன்னால், 'பின்' அல்லது 'பிந்தி', பிறகு தந்தை பெயர். முன்னாள் அதிபர் ஹலிமா யாக்கோப்பை 'மேடம் ஹலிமா' என்பார்கள், 'மேடம் யாக்கோப்' என்று சொல்ல மாட்டார்கள்.

பெண்களுக்கு எழுதும்போது 'மிஸஸ்' போட அவசரப்படாதீர்கள். சீனப் பெண்கள் பெரும்பாலும் திருமணத்துக்குப் பிறகும் தங்கள் குடும்பப் பெயரையே வைத்திருக்கிறார்கள். மிஸ்டர் டானின் மனைவி மேடம் லிம்மாக இருப்பார். 'மிஸஸ் லிம்' என்றால் அது அவருடைய அம்மாவாகிவிடும். 'எம், எஸ்' என்று இரண்டு எழுத்தில் எழுதும் 'மிஸ்' எல்லா வயதினருக்கும் பொருந்தும். 'மேடம்' என்பது அரசாங்கக் கடிதங்களில் வழக்கம், வயதில் மூத்தவர்களுக்குச் சரியாகவே இருக்கும், நடுவயதுக்காரர்கள் சிலருக்குப் பிடிக்காது. டாக்டர் பட்டம் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

உங்கள் துறைக்கே உரிய ஒன்றும் இருக்கிறது. இங்கே பதிவுபெற்ற தொழில்முறைப் பொறியாளர்கள், அதாவது 'PE' என்று சொல்கிறோமே அவர்கள், பெயருக்கு முன் Er. என்று போட்டுக்கொள்வது வழக்கம். கட்டடக் கலைஞர்கள் Ar. போடுவார்கள். நிரலில் 'Er. டாக்டர்' என்று இரண்டும் இருந்திருக்கலாம். இரண்டையும் சேர்த்து விளிக்க வேண்டாம், 'டியர் டாக்டர்' போதும். முனைவர் பட்டம் இல்லாத PE ஒருவருக்கு எழுதும்போது 'டியர் Er.' என்று பெயரோடு எழுதலாம், பொறியாளர் சங்க வட்டாரத்தில் அப்படி எழுதுகிறவர்கள் உண்டு. 'மிஸ்டர்' என்றாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பெயருக்குப் பின்னால் வரும் பிபிஎம், ஜேபி போன்ற விருது, கௌரவ எழுத்துகள் அழைப்பிதழிலும் உறையிலும் இருக்கட்டும். மின்னஞ்சல் விளிப்பில் அவற்றுக்கு இடமில்லை. பல்கலைக்கழகத்தில் இருப்பவர் இணைப் பேராசிரியர் என்றாலும் விளிப்பில் 'புரொஃபெசர்' என்றே எழுதலாம்.

தமிழில் எழுதலாமா என்று கேட்டீர்கள். அவரோடு நீங்கள் ஒரு முறையாவது தமிழில் பேசியிருக்கிறீர்களா? இல்லை என்றால் வேண்டாம். பெயரை வைத்து மொழியைத் தீர்மானிக்க இந்த ஊரில் முடியாது. அவர் மலையாளியாக இருக்கலாம், தெலுங்கராக இருக்கலாம், தமிழராகவே இருந்தும் வீட்டில் ஆங்கிலம் பேசி வளர்ந்தவராக இருக்கலாம். தமிழ் நன்றாகப் பேசுகிறவருக்கும் ஜியோடெக்னிக்கல் சமாசாரத்தைத் தமிழில் படிப்பது பழக்கமில்லாத வேலை. அதோடு, என்னைப் போல ஒரு செயலாளர் நடுவில் இருந்து, அவர் தமிழ் தெரியாதவராக இருந்தால், உங்கள் கடிதம் அங்கேயே நின்றுவிடும்.

'வணக்கம்' என்று ஒரு சொல்லை மட்டும் ஆங்கில எழுத்தில் முன்னால் போடலாமா என்று சிலர் கேட்பார்கள். தமிழ்மொழி விழா மாதிரி நிகழ்ச்சியில் அவரைப் பார்த்திருந்தால் தாராளமாகப் போடலாம். தொழில்நுட்பக் கருத்தரங்கில் மட்டும் பார்த்திருந்தால் நான் போட மாட்டேன். 'நாம் இருவரும் தமிழர்' என்று முதல் வரியிலேயே உரிமை கொண்டாடுவது போல அது ஒலிக்கக்கூடும். அந்த உரிமையை அவர் எடுத்துக் கொடுக்கட்டும்.

இப்போது கடிதத்தை எழுதிப் பார்ப்போம். அனுப்பப்போவது ஆங்கிலத்தில், இங்கே தமிழில் சொல்கிறேன். ஒவ்வொரு வரியும் எவ்வளவு கேட்கிறது என்று மட்டும் கவனியுங்கள்.

பொருள்: மரைன் க்ளே பற்றிய உங்கள் உரை, 15 நிமிட ஆலோசனைக்கு ஒரு வேண்டுகோள்

டியர் டாக்டர் இளங்கோவன்,

நான் கார்த்திக். கட்டுமான நிறுவனம் ஒன்றில் சைட் இன்ஜினியராக இருக்கிறேன், நான்கு ஆண்டு அனுபவம். போன மாதக் கருத்தரங்கில் உங்கள் உரையைக் கேட்டேன். முதல் ஸ்ட்ரட் போடுவதற்கு முன்பே சுவர் எவ்வளவு நகர்கிறது என்பதை இன்க்ளினோமீட்டர் அளவுகளில் கவனிக்கச் சொன்னீர்கள். அதன் பிறகு எங்கள் சைட்டில் அந்த அளவுகளை நான் படிக்கும் விதமே மாறியிருக்கிறது.

கட்டுமானப் பக்கத்திலிருந்து ஜியோடெக்னிக்கல் வடிவமைப்புப் பக்கம் மாற விரும்புகிறேன். அதற்கு முதலில் முதுகலைப் படிப்பு வேண்டுமா, அல்லது இன்ஸ்ட்ருமென்டேஷன் வேலையில் சில ஆண்டுகள் இருந்துவிட்டுப் படிப்பது நல்லதா என்று முடிவு செய்ய முடியவில்லை.

உங்களுக்கு வசதிப்பட்டால், வரும் வாரங்களில் 15 நிமிடம் தொலைபேசியில் பேச இயலுமா? மின்னஞ்சலில் இரண்டு வரி பதில் கிடைத்தாலும் எனக்கு உதவியாக இருக்கும். இப்போது நேரம் அமையாது என்றாலும் புரிந்துகொள்வேன்.

பெஸ்ட் ரிகார்ட்ஸ்,
கார்த்திக்
(கார்த்திக் முருகேசன், சைட் இன்ஜினியர், கைப்பேசி எண்)

இதில் மரியாதைச் சொல் என்று பார்த்தால் 'டாக்டர்' ஒன்றுதான் இருக்கிறது. மற்ற மரியாதை எல்லாம் வாக்கியங்களின் அமைப்பில் இருக்கிறது. 'நேரம் அமையாது என்றாலும் புரிந்துகொள்வேன்' என்ற வரியைப் பாருங்கள். மறுப்பதற்கு அவருக்கு ஒரு வாசல் திறந்து வைத்தாயிற்று. இந்த வாசல் இல்லாத கடிதம் எவ்வளவு பணிவாக எழுதப்பட்டாலும் படிப்பவரை நெருக்கும். 'கைண்ட்லி' என்று தொடங்கி, 'ப்ளீஸ் ரிவர்ட்' என்று முடிகிற மின்னஞ்சல்கள் வாரத்துக்கு எத்தனையோ வரும். இரண்டும் மரியாதைச் சொற்கள்தான், ஆனால் அவை ஒட்டிக்கொண்டிருக்கும் வினை கட்டளையாக இருக்கும்: அனுப்புங்கள், பாருங்கள், சீக்கிரம் சொல்லுங்கள். கட்டளைக்கு முன்னால் 'தயவுசெய்து' போட்டாலும் அது கட்டளைதான். கேள்வியாக மாற்றினால்தான் படிப்பவருக்கு மூச்சுவிட இடம் கிடைக்கிறது.

புகழ்ச்சியின் அளவையும் பாருங்கள். 'தங்கள் மகத்தான உரையால் பெரிதும் ஈர்க்கப்பட்டேன்' என்று எழுதினால் உரையைக் கேட்காதவரும் எழுதலாம். ஸ்ட்ரட்டைப் பற்றி அவர் சொன்ன ஒன்றைச் சொன்னால், அரங்கில் விழித்திருந்து கேட்டீர்கள் என்று தெரியும். நான் கடிதங்களைப் பிரித்து வைத்த காலத்தில் இயக்குநரின் மேசைக்குப் போனவை இந்த மாதிரி ஒரு வரி இருந்தவைதான். இங்கே ஒரு எச்சரிக்கை: உங்கள் சைட்டின் பெயர், உண்மையான அளவுகள், வரைபடம் எதையும் எழுதாதீர்கள். அவை உங்கள் நிறுவனத்துக்கும் வாடிக்கையாளருக்கும் சொந்தம். வெளியாளுக்கு அனுப்பியிருக்கிறீர்கள் என்று பார்த்தாலே, எவ்வளவு மரியாதையாக எழுதியிருந்தாலும் அந்தப் பெரியவருக்கு உங்கள் மேல் நம்பிக்கை போய்விடும்.

கையெழுத்தில் 'கார்த்திக்' என்று தனியாக எழுதி, முழுப் பெயரைக் கீழே வைத்ததற்கும் காரணம் உண்டு. உங்களை எப்படிக் கூப்பிடுவது என்ற குழப்பம் அவருக்கும் இருக்கும். 'யுவர்ஸ் ஒபீடியன்ட்லி' வேண்டவே வேண்டாம். 'யுவர்ஸ் சின்சியர்லி' அச்சுக் கடிதத்துக்கு நன்றாக இருக்கும், மின்னஞ்சலில் கொஞ்சம் கனம். 'தேங்க்ஸ் அண்ட் ரிகார்ட்ஸ்' பரவாயில்லை.

அதிகமாகப் போய்விட்டோமா என்று அனுப்புவதற்கு முன் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். கடிதத்தில் உள்ள மரியாதைச் சொற்களை எல்லாம் எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். அப்போதும் மரியாதையாக ஒலித்தால், எடுத்தவற்றில் ஒன்றிரண்டை மட்டும் திரும்ப வையுங்கள். எடுத்தவுடன் முரட்டுத்தனமாக ஒலித்தால், குறை வாக்கியத்தில் இருக்கிறது, சொல்லை அடுக்கி அதை மறைக்க முடியாது.

பதில் செயலாளரிடமிருந்து வரலாம். 'டாக்டர் இளங்கோவன் வியாழன் ஐந்து மணிக்குப் பேசலாம் என்கிறார்' என்று ஒரு மிஸ் லிம் எழுதுவார். அவருக்கும் 'டியர் மிஸ் லிம்' என்று தொடங்கி, நன்றி சொல்லி, முழு வாக்கியத்தில் பதில் எழுதுங்கள். முதலாளிக்கு நான்கு பத்தி பணிவும், எனக்கு 'ஓகே நோட்டட்' என்று இரண்டே சொல்லும் எழுதியவர்கள் நிறைய. நாட்குறிப்பு யார் கையில் இருக்கிறது என்பதை அவர்கள் யோசிப்பதில்லை.

நேராக அவரே எழுதினால் அங்கேதான் சுவாரஸ்யம். 'ஹாய் கார்த்திக், பேசலாமே, வியாழன் ஐந்து மணி? இளங்கோ' என்று ஒரு வரி வரக்கூடும். பெயரைச் சுருக்கிக் கையெழுத்திட்டிருக்கிறார். இனி நீங்களும் 'ஹாய் இளங்கோ' என்று எழுதலாமா? அவர் ஆங்கிலேயராகவோ ஆஸ்திரேலியராகவோ இருந்தால், எழுதலாம் என்று தயங்காமல் சொல்வேன். இங்கே, உங்களுக்கும் அவருக்கும் முப்பது வயது வித்தியாசம் இருக்கும்போது, ஒரேயடியாக இறங்க வேண்டாம். சிங்கப்பூரில் வசதியான இடைப்படி ஒன்று உண்டு: 'ஹாய் டாக்டர் இளங்கோ'. சுருக்கிய பெயரை ஏற்றுக்கொண்டீர்கள், 'டியர்' விறைப்பைத் தளர்த்தினீர்கள், பட்டத்தை மட்டும் விட்டுவைத்தீர்கள். இதைத் தவறு என்று சொல்ல யாராலும் முடியாது. கடிதத்தின் நீளத்தையும் அவர் அளவுக்குக் கொண்டுவாருங்கள். அவர் ஒரு வரி எழுதியிருக்க, நீங்கள் மறுபடி நான்கு பத்தி எழுதினால் அதுவும் ஒரு வகை விறைப்புதான்.

'ஜஸ்ட் கால் மீ இளங்கோ' என்று அவரே எழுத்தில் சொல்லிவிட்டால் அடுத்த கடிதத்திலிருந்து அப்படியே செய்யுங்கள். நம் பிள்ளைகள் இங்கேதான் முரண்டு பிடிப்பார்கள். வாய் வரவில்லை என்று 'டாக்டர்' போட்டுக்கொண்டே இருப்பார்கள். பெரியவர் மறுபடி மறுபடி சொல்ல வேண்டியிருக்கும். சொன்னதைக் கேட்காதது மரியாதையில் சேராது. எழுத்தில் 'இளங்கோ' என்றும், நேரில் பார்க்கும்போது கூச்சமாக இருந்தால் பெயரே சொல்லாமல் 'நீங்கள்' என்றும் சமாளித்துக்கொள்ளலாம். நானே ஒருவரிடம் இன்றுவரை அப்படித்தான் ஓட்டுகிறேன்.

தொலைபேசியில் பேசும்போது அவர் தமிழுக்கு மாறிவிட்டால், அதன் பிறகு தமிழில் எழுதும் வாய்ப்பும் வரும். அப்போது 'மதிப்பிற்குரிய திரு இளங்கோவன் அவர்களுக்கு, வணக்கம்' என்று தொடங்கி, உள்ளே 'ஐயா' என்று விளிக்கலாம். முனைவர் என்பதால் 'திரு' இருக்கும் இடத்தில் 'முனைவர்' போடுவது இன்னும் பொருத்தம். பெண்ணாக இருந்தால் இங்கே 'திருவாட்டி' என்பதுதான் வழக்கு, 'திருமதி' என்று எழுதினாலும் புரியும். நம் ஊர் 'செல்வி' இருக்கும் இடத்தில் இங்கே 'குமாரி' இருக்கும்.

'தாங்கள்' எழுதுவதா 'நீங்கள்' எழுதுவதா என்பதில் எனக்கு ஒரே ஒரு கட்சிதான்: எதை எடுத்தாலும் கடைசிவரை அதையே வைத்திருங்கள். 'தாங்கள் வருகை புரிந்து' என்று தொடங்கி 'நீங்க சொன்னீங்களே' என்று முடிகிற கடிதங்கள் வாடகைக் கோட்டும் ரப்பர் செருப்பும் போட்டுக்கொண்டு வந்த மாதிரி இருக்கும். 'நீங்கள்' என்பதே போதுமான மரியாதை, நெடுகக் காப்பாற்றவும் எளிது. வாட்ஸ்அப்பில் என்றால் தமிழ் எழுத்திலேயே அனுப்புங்கள். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்புவதை அந்த வயதுக்காரர்கள் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியிருக்கும். 'அண்ணே', 'அங்கிள்' எல்லாம் அவர் வீட்டில் ஒரு வாய் காப்பி குடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பதிலே வராமல் போகவும் கூடும். பத்து நாள் பொறுங்கள். அதற்குள் வெளிநாடு போயிருப்பார், டெண்டர் வேலையில் மூழ்கியிருப்பார், ஸ்பேமில் விழுந்திருக்கும். பிறகு அதே மின்னஞ்சலுக்குக் கீழேயே, அதே 'டியர் டாக்டர் இளங்கோவன்' விளிப்போடு, மூன்று வரி எழுதுங்கள். விளிப்பைக் குறைக்காதீர்கள். முதல் கடிதத்தில் 'டியர்', இரண்டாவதில் 'ஹாய்' என்றால் பொறுமை இழந்தது தெரிந்துவிடும். 'ஜென்டில் ரிமைண்டர்' என்ற தலைப்பையும் வைக்காதீர்கள், அது பாக்கிப் பணம் கேட்கும்போது அனுப்புவது. 'முன்பு எழுதியது கண்ணில் படாமல் போயிருக்கலாம் என்று மீண்டும் அனுப்புகிறேன்' என்றால் போதும். அதற்கும் பதில் இல்லை என்றால் மூன்றாவது எழுத வேண்டாம். அடுத்த கருத்தரங்கில் தேநீர் இடைவேளையில் நேரில் போய்ப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். 'ஓ, ஸ்ட்ரட் பற்றி எழுதிய பையனா' என்று அவரே கேட்டாலும் கேட்பார்.